ரோஆஸ் 3.2 காட்டுது, பேங்க்ல பணம் குறையுது: பெட்ஷீட்டுக்கு பிரேக்-ஈவன் எவ்வளவு?

கரூர்_பெட்ஷீட்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கரூர்ல பெட்ஷீட் வியாபாரம். மொத்த வியாபாரம் அப்பா காலத்துல இருந்து நடக்குது. சொந்த வெப்சைட் போட்டு மெட்டா விளம்பரம் மூலமா சில்லறை விக்கிறது மட்டும் புதுசு.

டபுள் காட் பெட்ஷீட், கூட ரெண்டு தலையணை உறை, விலை 999. ஜிஎஸ்டி அதுக்குள்ளயே அடக்கம், டெலிவரி இலவசம். தைச்சு மடிச்சு பிவிசி பையில போட்டு எங்களுக்கு அடங்குற விலை 420.

போன மாசம் விளம்பரத்துக்கு 1 லட்சம் போச்சு. ஆட்ஸ் மேனேஜர் 3.2 லட்சம் விற்பனை காட்டுது. அதாவது விளம்பரத்துல போட்ட ஒரு ரூபாய்க்கு 3.2 ரூபாய் விற்பனை, ரோஆஸ் 3.2. விளம்பரம் பார்க்கிற ஏஜென்சி தம்பி "சூப்பரா போகுதுண்ணா, பட்ஜெட்டை டபுள் பண்ணலாம்"ங்கிறார். ஆனா கரண்ட் அக்கவுண்ட்ல மாசத்துக்கு மாசம் பணம் குறையுது. மொத்த வியாபாரத்துல இருந்து எடுத்து இதுல போட்டுட்டு இருக்கேன். எனக்கு எவ்வளவு ரோஆஸ் வந்தா நஷ்டம் இல்லை? அதை எப்படிங்க கணக்கு போடுறது?

வேகம்_ஆட்ஸ்:
ப்ரோ, ரொம்ப சிம்பிள். 999-ல 420 போனா 579. அது 58% மார்ஜின். 1-ஐ 0.58-ஆல வகுத்தா 1.72. அதான் உங்க பிரேக்-ஈவன். நீங்க 3.2-ல இருக்கீங்க, கிட்டத்தட்ட டபுள். லாபத்துலதான் இருக்கீங்க.

பேங்க்ல பணம் குறையறதுக்குக் காரணம் சிஓடி. கூரியர்காரங்க வசூல் பண்ணின காசை ஒரு வாரம், பத்து நாள் வெச்சிருந்துதான் அனுப்புவாங்க. விளம்பரக் காசு உடனே போயிடும். வியாபாரம் வளர்றப்போ எல்லாருக்கும் இந்த இறுக்கம் வரும். பயந்து பட்ஜெட்டைக் குறைச்சீங்கன்னா அல்காரிதம் மறுபடி முதல்ல இருந்து கத்துக்கணும்.

கணக்குப்பிள்ளை:
சிஓடி பணம் தாமதமா வரும்னு வேகம் சொல்றது சரி. ஆனா அது ஒரு தடவை வர்ற இறுக்கம். விற்பனை ஒரே அளவுல நின்னதும் அது மேல மேல கூடாது. மாசா மாசம் குறைஞ்சுட்டே போகுதுன்னா காரணம் வேற.

கரூர் சார், கணக்கு போட சில எண்கள் வேணும். 100 ஆர்டர் வந்தா அதுல எத்தனை சிஓடி, எத்தனை முன்பணம்? எத்தனை பார்சல் டெலிவரி ஆகாம திரும்பி வருது? டெலிவரி ஆன பிறகு வாடிக்கையாளர் எத்தனை பேர் திருப்பி அனுப்புறாங்க? கூரியர் போக எவ்வளவு, வர எவ்வளவு, சிஓடி கட்டணம் எவ்வளவு? திரும்பி வந்ததுல எத்தனை பீஸை மறுபடி புதுசா விக்க முடியுது?

போன மாசத்து ஆர்டரை எடுக்காதீங்க. அதுல பாதி இன்னும் வழியிலதான் இருக்கும். அதுக்கு முந்தின மாசம் ஆர்டர் விழுந்த தேதியை வெச்சு எடுங்க. ஒவ்வொரு ஆர்டரும் கடைசியில என்ன ஆச்சுன்னு பாருங்க. பலபேர் "இந்த மாசம் திரும்பி வந்த பார்சல்"-ஐ "இந்த மாச ஆர்டர்"-ஆல வகுக்கிறாங்க. விற்பனை ஏறுற நேரத்துல அது தப்பாத்தான் வரும். திரும்பி வர்றது பழைய, சின்ன மாசத்தோட பார்சல். வகுக்கிறது புது, பெரிய மாசத்தால. அதனால விகிதம் கம்மியா தெரியும்.

செல்வி_பொடிவகை:
நானும் இதே குழப்பத்துல இருக்கேன் சார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி ஆன்லைன் மார்க்கெட்பிளேஸ்ல விக்கிறேன். அங்க ரோஆஸ்னு இல்ல, ஏகாஸ்னு காட்டுது. எனக்கு 30% வருது. அது 30 வந்தா நல்லதா, 10 வந்தா நல்லதா? கூட இருந்தாத்தான் நல்லதுன்னு இத்தனை நாள் நினைச்சுட்டு இருக்கேன்.

கணக்குப்பிள்ளை:
செல்வி அக்கா, அது தலைகீழ். 100 ரூபாய் விற்க விளம்பரத்துக்கு 30 ரூபாய் போச்சுன்னு அர்த்தம், அதனால குறைய குறைய நல்லது. ரோஆஸ் கணக்குல சொன்னா 3.3. உங்க பொடிக்கு மார்க்கெட்பிளேஸ் கமிஷனையும் கழிக்கணும், அது கரூர் சாருக்கு இல்லாத செலவு. நீங்க தனி இழை போட்டா அதையும் பார்க்கலாம்.

கரூர்_பெட்ஷீட்:
எடுத்துட்டேங்க சார். ரெண்டு நாள் எக்செல்லோட மல்லுக்கட்டினேன். 100 ஆர்டர்னு வெச்சு, முழு எண்ணா எழுதறேன்.

75 சிஓடி, 25 முன்பணம். சிஓடியில 20 திரும்பி வந்துருச்சு, முன்பணத்துல 1. அப்போ டெலிவரி ஆனது 79. அதுல 4 பேர் கலர் பிடிக்கல, சைஸ் சரியில்லைன்னு திருப்பிட்டாங்க. கடைசியா நின்னது 75.

கூரியர் போக 90. டெலிவரி ஆகாம திரும்பினா அதுக்கும் 90. வாடிக்கையாளர் வீட்டுல போய் எடுத்துட்டு வர 120. சிஓடி கட்டணம் 40, டெலிவரி ஆனா மட்டும். முன்பணத்துக்கு கேட்வே 20. பேக்கிங் 25. எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காம.

திரும்பி வந்த 25-ல 4 பீஸ் தேறாது. வெளிக் கவர் கிழிஞ்சு, பிவிசி பை ஜிப் பிஞ்சு, மழைத் தண்ணி பட்டு மடிப்புல கறை ஏறி வரும். சிலதுல தலையணை உறை ஒண்ணுதான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
நல்லா எடுத்திருக்கீங்க. இனி 100 ஆர்டரை ஒரு மூட்டையா வெச்சுப் போடுவோம். ஒரு பெட்ஷீட்டை மட்டும் எடுத்துக் கணக்கு போட்டா திரும்பினதோட செலவு கண்ணுல படாது.

999-ல 5% ஜிஎஸ்டி அரசாங்கத்தோடது. அதை எடுத்துட்டா உங்களுக்கு 951.

```
100 ஆர்டர், நின்றது 75

வரவு       75 x 951                =  71,325

சரக்கு      75 x 420                =  31,500
பேக்கிங்    100 x 25                =   2,500
கூரியர் போக 100 x 90                =   9,000
கூரியர் வர   21 x 90 + 4 x 120      =   2,370
சிஓடி, கேட்வே 55 x 40 + 25 x 20     =   2,700
தேறாத பீஸ்   4 x 420                =   1,680
மொத்தச் செலவு                       =  49,750

மிச்சம்                             =  21,575
ஆட்ஸ் மேனேஜர் காட்டும் விற்பனை 100 x 999 = 99,900
பிரேக்-ஈவன் ரோஆஸ் 99,900 / 21,575   =    4.63
```

மேல 75-ஆல பெருக்குறோம், கீழ 100-ஆல பெருக்குறோம், கவனிச்சீங்களா? ஆர்டர் பட்டனை அமுக்கின உடனே மெட்டா அதை 999 ரூபாய் விற்பனைன்னு எழுதிக்கும். அந்த பார்சல் திரும்பி வந்தது அதுக்குத் தெரியாது. நீங்க ரோஆஸை அந்தத் திரையிலதான் பார்க்கப் போறீங்க. அதனால ஒப்பிடுற எண்ணையும் அதே அளவுல வெச்சுக்கணும்.

ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு நீங்க கொடுக்கக்கூடிய உச்சம் 216 ரூபாய். ரோஆஸ் 3.2-ன்னா நீங்க கொடுத்துட்டு இருக்கறது 312. ஆர்டருக்கு 96 ரூபாய் கையை விட்டுப் போகுது. 1 லட்சத்துக்கு 320 ஆர்டர் வந்திருக்கும். அப்போ மாசம் கிட்டத்தட்ட 31,000 நஷ்டம். பட்ஜெட்டை டபுள் பண்ணினா விற்பனை 6.4 லட்சம்னு தெரியும், நஷ்டம் 62,000 ஆகும். அதுவும் ரோஆஸ் குறையாம இருந்தா. பட்ஜெட் ஏத்தினா பெரும்பாலும் குறையத்தான் செய்யும்.

இதுல ஆள் சம்பளம், வாடகை, போட்டோ செலவு எதுவும் இல்லை. 4.63 வந்தா விளம்பரத்தால நஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

வேகம்_ஆட்ஸ்:
4.63 ரொம்ப ஓவர் சார். திரும்பி வந்த பெட்ஷீட் குடோனுக்குத்தானே வருது? மறுபடி விக்கலாமே. அது எப்படி நஷ்டம்?

இன்னொண்ணு. ஐபோன்காரங்க பண்ற ஆர்டர் எல்லாத்தையும் மெட்டாவால பிடிக்க முடியறதில்ல. விளம்பரம் பார்த்துட்டு கூகுள்ல தேடி வந்து வாங்கறவங்களும் அதுல சேர மாட்டாங்க. நிஜமான ரோஆஸ் 3.2-ஐ விடக் கூடத்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
முதல் கேள்விக்கு: சரக்குச் செலவுல 75 பீஸுக்குத்தான் காசு போட்டிருக்கேன். திரும்பி வந்து தேறின 21 பீஸ் செலவுல ஏறவே இல்லை. திரும்பின பார்சல் சரக்கைத் தின்னல. பேக்கிங் 25, போக 90, வர 90, ஆக 205 ரூபாயைத் தின்னுது. அந்த ஆர்டரைப் பிடிக்க விளம்பரத்துக்குக் கொடுத்த 312-ஐயும் சேர்த்தா 517. ஒரு பெட்ஷீட் அடங்குற விலையை விட அது அதிகம்.

ரெண்டாவது நியாயமான பாயிண்ட். மெட்டா சில ஆர்டரை விட்டுடும். அதே மாதிரி, விளம்பரத்தைச் சும்மா பார்த்துட்டுப் போனவர் ஒரு நாளுக்குள்ள வேற வழியா வந்து வாங்கினாலும் தன் கணக்குல எழுதிக்கும். எந்தப் பக்கம் கூடன்னு திரையைப் பார்த்து நாம வாதாடிட்டே இருக்கலாம். அதுக்குப் பதிலா வெப்சைட்டுல அந்த மாசம் விழுந்த மொத்த ஆர்டரை, எந்த வழியா வந்திருந்தாலும் சரி, மொத்த விளம்பரச் செலவால வகுங்க. கரூர் சார், அது எவ்வளவு வருது?

கரூர்_பெட்ஷீட்:
மொத்தம் 3.45 லட்சம் சார். அப்போ 3.45. இன்ஸ்டாகிராம் பேஜ்ல இருந்து வர்றவங்க, ஏற்கெனவே வாங்கினவங்க எல்லாம் அதுல இருக்காங்க.

கணக்குப்பிள்ளை:
அப்படின்னா எல்லாத்தையும் விளம்பரத்தோட கணக்குல எழுதினாலும் 4.63-ஐத் தொடல.

முத்து_தூத்துக்குடி:
ஏற்கெனவே வாங்கினவங்கன்னு சொன்னீங்களே, அதான் முக்கியம். முதல் ஆர்டர்ல நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை, ஆள் நமக்குக் கிடைச்சுட்டார். அடுத்த தடவை விளம்பரம் இல்லாம வாங்குவார். நான் கருப்பட்டி விக்கிறேன், இப்படித்தான் ஓடுது. முதல் ஆர்டர்ல ரோஆஸ் 2-தான். ஆனா பாதிப் பேர் ரெண்டு மாசத்துல திரும்ப வாட்ஸ்அப்ல கேட்கிறாங்க.

கணக்குப்பிள்ளை:
முத்து அண்ணாச்சி, கருப்பட்டிக்கு அது நடக்கும், தீர்ந்தா வாங்கித்தான் ஆகணும். பெட்ஷீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ஆர்டருக்கு நஷ்டம் சுமார் 9,640. பழைய வாடிக்கையாளர் விளம்பரம் இல்லாம முன்பணம் கட்டி ஒரு பெட்ஷீட் வாங்கினா 951-ல 420, 25, 90, 20 போக 396 நிக்கும். நஷ்டத்தை மூட கிட்டத்தட்ட 25 பேர் திரும்ப வாங்கணும். நம்மகிட்ட பொருளை வெச்சுக்கிட்டவங்களே 75 பேர்தான். மூணுல ஒருத்தர் மறுபடி வரணும். கரூர் சாரோட ஆர்டர் லிஸ்ட்ல ஒரே போன் நம்பர் எத்தனை தடவை வருதுன்னு பார்த்தா உடனே தெரிஞ்சுடும்.

கரூர்_பெட்ஷீட்:
பார்த்தேங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி வாங்கினவங்கள்ல நூத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் திரும்ப வந்திருக்காங்க. தீபாவளிக்கு ஏறலாம், ஆனா மூணுல ஒண்ணுக்கு வாய்ப்பே இல்லை.

மதுரை_வரிக்கணக்கு:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. மெட்டா பில்லுல 18% ஜிஎஸ்டி இருக்கும். 1 லட்சம் விளம்பரத்துக்கு 1.18 லட்சம் கட்டுறீங்க. "அது இன்புட் கிரெடிட்டா வந்துடும்"னு எல்லாரும் விட்டுடுவாங்க. உங்க விஷயத்துல வருமான்னு பார்க்கணும்.

நின்ன 75 பீஸுக்கு நீங்க வசூலிக்கிற வரி பீஸுக்கு 47.57 ரூபாய் கணக்குல சுமார் 3,570. சரக்குக்கு நீங்க ஏற்கெனவே கொடுத்த வரி 420-க்கு 5%, அதாவது 21, 75 பீஸுக்கு 1,575. கூரியர் பில் 11,370-க்கு 18% சுமார் 2,050. இந்த ரெண்டுமே 3,620 ஆயிடுச்சு. விற்பனை வரி இதுலயே தீர்ந்துடுச்சு. விளம்பரத்துக்குக் கட்டின 18%-ஐக் கழிக்க இடமே இல்லை. அது எலெக்ட்ரானிக் கிரெடிட் லெட்ஜர்ல போய் உட்கார்ந்துக்கும். ரீஃபண்டும் கேட்க முடியாது. வாங்குறதும் விக்கிறதும் ஒரே 5%. வாங்குறதுக்கு வரி கூடவும் விக்கிறதுக்குக் கம்மியாவும் இருக்கிற தொழிலுக்கே சேவைகள் மேல கட்டின வரியைத் திருப்பித் தர வேண்டியதில்லைன்னு 2021-ல விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அப்போ அந்த 18%-உம் செலவுதான். 21,575-ஐ 1.18-ஆல வகுத்தா 18,284. பிரேக்-ஈவன் 4.63 இல்லை, 5.46.

கரூர்_பெட்ஷீட்:
ஆனா ஆடிட்டர் சார், மொத்த வியாபாரமும் இதே ஜிஎஸ்டி நம்பர்லதாங்க. அங்க மாசம் கொஞ்சம் பணமா கட்டுவோம். அதுல கழியாதா?

மதுரை_வரிக்கணக்கு:
அப்படின்னா கழியும், எவ்வளவு கட்டுறீங்களோ அந்த அளவுக்கு. போர்ட்டல்ல கிரெடிட் லெட்ஜர் பாக்கியை மாசாமாசம் பாருங்க. ஏறிட்டே போனா தேங்குதுன்னு அர்த்தம், 5.46-ஐ வெச்சுக்குங்க. ஒரே அளவுல நின்னா 4.63. நடுவுல எங்க இருக்கீங்கன்னு லெட்ஜரைப் பார்க்காம நான் சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை:
நன்றி ஆடிட்டர் சார். தனியா ஆன்லைன் மட்டும் நடத்தறவங்க இதை அப்படியே எடுத்துக்கணும்.

கரூர்_பெட்ஷீட்:
சரி, இப்போ என்ன பண்ணலாம்? விலையை ஏத்தினா ஓடாது, இதே பெட்ஷீட் 899-க்கு நிறையப் பேர் விக்கிறாங்க. ரெண்டு பெட்ஷீட் சேர்த்து 1,799-னு ஒரு காம்போ யோசிச்சேன். ரெண்டும் ஒரே பார்சல்ல போகும், கூரியர் 140.

கணக்குப்பிள்ளை:
காம்போவுக்கும் அதே மாதிரி போட்டேன். பேக்கிங் 35, போக 140, திரும்பி வர 140, வீட்டுல எடுக்க 170, கேட்வே 36, சிஓடி கட்டணம் அதே 40. திரும்புறதும் தேறாததும் அதே விகிதம்னு வெச்சேன். 100 ஆர்டருக்கு மிச்சம் 37,895. பிரேக்-ஈவன் ரோஆஸ் 4.75.

4.63-ஐ விட 4.75 மோசம்னு தோணும். விலையை 10% குறைச்சதால மார்ஜின் கொஞ்சம் இறங்கியிருக்கு, உண்மைதான். ஆனா ரூபாயில பாருங்க. ஒரு பெட்ஷீட் ஆர்டருக்கு விளம்பரத்துக்கு 216-தான் கொடுக்க முடிஞ்சது. காம்போவுக்கு 379 கொடுக்கலாம். ஒரு ஆளைக் கூட்டிட்டு வர இப்பவும் அதே 312 ஆனா, நஷ்டம் 96-ங்கிற இடத்துல லாபம் 67. ரோஆஸ் 5.77-னு தெரியும்.

இதுல ரெண்டு ஊகம் இருக்கு. 1,799 ரூபாய்க்கு அதே 312-ல ஆர்டர் கிடைக்குமாங்கிறது ஒண்ணு. வாசல்ல வந்து 1,799 கேட்டா வேண்டாம்னு சொல்றவங்க கூடுவாங்களாங்கிறது இன்னொண்ணு. காம்போல கூடுதலா ஒரு பார்சல் திரும்பினா சுமார் 970 ரூபாய் போகும். 100-க்கு 7 பார்சல் கூடுதலா திரும்பினா அந்த லாபம் முழுக்கத் தீர்ந்துடும்.

மதுரை_வரிக்கணக்கு:
காம்போலயும் விற்பனை வரி சரக்குலயும் கூரியர்லயுமே கிட்டத்தட்ட தீர்ந்துடுது, போட்டுப் பார்த்தேன். கிரெடிட் தேங்கினா 379 இல்லை, 321-தான் உச்சம். 312-க்கும் அதுக்கும் 9 ரூபாய்தான் இடைவெளி.

வேகம்_ஆட்ஸ்:
காம்போவுக்கு சிஓடியை எடுத்துடுங்க, முன்பணம் மட்டும் வைங்க. ஆர்டிஓ, அதாவது டெலிவரி ஆகாம திரும்பி வர்ற பிரச்சினையே முடிஞ்சுது.

செல்வி_பொடிவகை:
தம்பி, நான் ஒருதடவை சொந்த வெப்சைட்ல அப்படி வெச்சுப் பார்த்தேன். ஆர்டர் பாதிக்குக் கீழ போயிடுச்சு. புதுக் கடைக்கு யாரும் முதல்ல காசு அனுப்ப மாட்டேங்கிறாங்க.

கணக்குப்பிள்ளை:
செல்வி அக்கா சொல்றதுதான் ஆபத்து. ஆர்டர் பாதியானா ஒரு ஆர்டருக்கான விளம்பரச் செலவு 312-ல இருந்து 624 ஆகும். டெலிவரி ஆகாம திரும்புறது நின்னாலும் அதை ஈடுகட்டாது. இடைப்பட்ட வழி ஒண்ணு இருக்கு. சிஓடி வேணும்னா 99 ரூபாய் மட்டும் முன்னாடி வாங்குங்க, மிச்சம் வாசல்ல. சும்மா பட்டனை அமுக்கிப் பார்க்கிறவங்க அதுல கழிஞ்சுடுவாங்க. ஆர்டர் எவ்வளவு குறையும்னு கடைக்குக் கடை மாறும், வெச்சுப் பார்த்தால்தான் தெரியும்.

கரூர்_பெட்ஷீட்:
பின்கோடு வாரியா பிரிச்சேன் சார். திரும்பின 20 சிஓடில 12, சில மாவட்டங்களோட பின்கோடுலயே குவிஞ்சிருக்கு. கூரியர் குறிப்புல "ஆள் இல்லை"னு போட்டிருக்காங்க. அதுல நாலு பேருக்கு நானே போன் பண்ணினேன். ரெண்டு பேர் "யாருமே வரலையே"ங்கிறாங்க.

கணக்குப்பிள்ளை:
அப்போ அதுல கொஞ்சம் வாடிக்கையாளரோட தவறே இல்லை, டெலிவரி முயற்சியே நடக்கல. அந்தப் பின்கோடுகளுக்கு வேற கூரியர்ல கொஞ்ச நாள் அனுப்பிப் பாருங்க. சிஓடியை மூடறது அதுக்கப்புறம். 20, 14 ஆனா பிரேக்-ஈவனும் கணிசமா இறங்கும், அந்த அட்டவணையிலயே எண்ணை மாத்திப் பார்த்துக்கலாம்.

கரூர்_பெட்ஷீட்:
சரிங்க. ஒத்தை பெட்ஷீட் விளம்பரத்தை நாளைக்கு நிறுத்திட்டு, காம்போவை தினம் 1,000 ரூபாயில ஆரம்பிக்கறேன். 99 முன்பணத்தோட. அந்தப் பின்கோடுக்கு வேற கூரியர். ஆர்டருக்கு 320-ஐத் தாண்டினா நிறுத்திடறேன். திரும்புற கணக்கு தெரிய ஒரு மாசத்துக்கு மேல ஆகும், வந்ததும் இங்கேயே போடறேன். ஏஜென்சி தம்பிக்குக் கமிஷன் விளம்பரச் செலவுல 10%. அதையும் அந்த 320-க்குள்ள சேர்க்கணுமா சார்?

கணக்குப்பிள்ளை:
கண்டிப்பா சேர்க்கணும். செலவு கூடினா கூடுற கமிஷன் விளம்பரச் செலவுதான்.

வேகம்_ஆட்ஸ்:
அதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஏஜென்சி கட்டணம் சம்பளம் மாதிரி, ஓவர்ஹெட்ல போடணும்.

மதுரை_வரிக்கணக்கு:
மாசம் இவ்வளவுன்னு நிலையா கொடுத்தா வேகம் சொல்றது சரி. சதவீதமா கொடுத்தா கணக்குப்பிள்ளை சொல்றது சரி. கமிஷன் பில்லுலயும் 18% இருக்கும், அதையும் பாருங்க.